கவலைக்கே ஓடும் மனதுக்கு எந்தத் தியானம்: மூச்சை எண்ணுவதா, நினைப்புக்குப் பெயர் வைப்பதா?

தியானம் பழக உட்கார்ந்தவர்கள் முதல் வாரத்தில் சொல்கிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "மனசு நிக்கவே மாட்டேங்குது." ஆனால் எல்லா மனமும் ஒரே மாதிரி அலைவதில்லை. சிலருக்கு நேற்றுப் பார்த்த படம், மதியச் சாப்பாடு, பக்கத்து வீட்டு நாய் என்று கண்டபடி போகும். வேறு சிலருக்கு எங்கே சுற்றினாலும் கடைசியில் அதே இடம்தான்: கடன், வேலை, அம்மாவின் உடம்பு. முதல் வகைக்கு எந்த முறையும் ஓரளவு ஒத்துவரும். இரண்டாம் வகைக்கு முறையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒருவருக்கு நிம்மதி தருகிற பயிற்சி இன்னொருவருக்குக் கவலைப்பட வசதியான பத்து நிமிடமாக ஆகிவிடக்கூடும்.

ஒரு ஆளை வைத்துக்கொண்டு பார்ப்போம். வயது நாற்பது, தனியார் வேலை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை. அலுவலகத்தில் ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபடுகிறது. காலையில் பத்து நிமிடம் நாற்காலியில் உட்காருகிறார். இதே ஆள், இதே கவலை. முறையை மட்டும் மாற்றுவோம்.

முதலில் மூச்சை எண்ணுவது. கற்றுக்கொள்ள இதைவிட எளிதான முறை கிடையாது. ஒவ்வொரு முறை மூச்சு வெளியே போய் முடியும்போதும் மனதுக்குள் ஓர் எண். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நடுவில் தவறிவிட்டால் எங்கே விட்டோம் என்று தேடாமல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஏன் பத்து என்பதற்கு விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த தியான நூலில் நல்ல விளக்கம் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து அதை எழுதிய புத்தகோசர், ஐந்துக்குக் குறைவாக எண்ணாதே, பத்தைத் தாண்டாதே என்கிறார். ஐந்துக்குள் நிறுத்தினால் குறுகிய பட்டியில் அடைத்த மாடுகள் போல மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பதினைந்து நூற்றாண்டு கழித்தும் இதில் திருத்த எதுவும் இல்லை.

நம் ஆள் எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மூச்சில் '10ஆம் தேதிக்குப் பணம் இருக்கிறதா?' என்று வருகிறது. உடனே சம்பளம், சேமிப்பு, வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு. திடுக்கிட்டுப் பார்த்தால் வாய்க்குள் பதினேழு ஓடிக்கொண்டிருக்கிறது. எண் பாட்டுக்குக் கீழே ஓட, கவலை மேலே ஓடியிருக்கிறது. இந்த முறையின் பலவீனம் இதுதான். எண்ணுவது நமக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த வேலை. அதற்கு முழுக் கவனம் தேவையில்லை. மிச்சமிருக்கும் இடத்தில் கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும். மூச்சு உள்ளே வரும்போது எண்ணிப் பார்க்கலாம், பத்திலிருந்து கீழே இறங்கலாம். சில நாள் உதவும், அப்புறம் அதுவும் பழகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கவலைக்காரர்களுக்கு ஏற்கெனவே மூச்சு மேலோட்டமாக, நெஞ்சில் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்கத் தொடங்கியதும் சரிசெய்யப் பார்ப்பார்கள், ஆழமாக இழுப்பார்கள். லேசாகத் தலை சுற்றும், விரல் நுனி மதமதக்கும். தேவைக்கு மேல் மூச்சு இழுத்ததன் அடையாளம் அது. தியானம் கைகூடுவதாக எண்ணிவிடக் கூடாது. அப்படி நேர்ந்தால் மூச்சை விட்டுவிட்டு, தொடைமேல் கிடக்கும் கைகளின் சூட்டையும் கனத்தையும் கவனித்தால் போதும்.

அடுத்தது பெயர் வைப்பது. பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ இருபதாம் நூற்றாண்டில் பரப்பிய முறை. இதில் கவனம் வயிற்றில். மூச்சு உள்ளே வரும்போது வயிறு எழும், 'எழுகிறது'. வெளியே போகும்போது தாழும், 'தாழ்கிறது'. இதுவரை எண்ணுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மனம் விலகும்போதுதான் வருகிறது. எண்ணும் முறையில் கவலை என்பது இடைஞ்சல், அதை விட்டுத் திரும்ப வேண்டும். இங்கே கவலையும் கவனிக்க வேண்டிய பொருள்தான். அது வந்ததும் 'கவலை, கவலை' என்று மெதுவாகக் குறித்துக்கொண்டு, அது தணிந்த பிறகு வயிற்றுக்குத் திரும்புகிறோம்.

நம் ஆள் மறுபடி உட்காருகிறார். எழுகிறது, தாழ்கிறது. தவணை நினைப்பு வருகிறது. 'கவலை.' அது போகவில்லை. சேமிப்பை எடுத்துக் கட்டலாமா என்று கணக்குப் போடுகிறது. 'திட்டம்.' போன வருடம் ஒருவரை வேலையை விட்டு அனுப்பியது ஞாபகம் வருகிறது. 'நினைவு.' மறுபடி தவணை. இப்போது அவர் செய்ய வேண்டியது, அந்த நினைப்பு உடம்பில் எங்கே தெரிகிறது என்று பார்ப்பது. தாடை இறுகியிருக்கிறது, வயிற்றின் மேல்பகுதி கல்லாக இருக்கிறது. 'இறுக்கம், இறுக்கம்.' அந்த இடத்திலேயே இரண்டு மூன்று மூச்சு இருக்கிறார். இறுக்கம் கூடலாம், குறையலாம், அப்படியே இருக்கலாம். எதுவானாலும் பிறகு வயிற்றின் அசைவுக்கு வந்துவிடுகிறார். பத்து நிமிடத்தில் இது இருபது தடவை நடந்தால் இருபது தடவையும் பயிற்சி நடந்தது என்றே கணக்கு.

கவலைக்காரர்களுக்கு இது ஏன் கூடுதலாக ஒத்துவருகிறது? கவலை பெரும்பாலும் சொற்களாகவே ஓடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். 'ஒருவேளை அப்படி ஆயிட்டா?' என்று நமக்கு நாமே பேசிக்கொள்வதுதான் அது. ஒரே ஒரு சொல்லைப் போட்டால் அந்தப் பேச்சு சற்று அறுபடும். அந்த இடைவெளியில் உடம்புக்கு வந்துவிடலாம். 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. கோபமோ பயமோ காட்டும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சியின் பெயரைச் சொன்னபோது, மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. அது முகப் படங்களை வைத்துச் செய்த ஆய்வு, தியானத்தைப் பற்றியது அல்ல. ஆகவே முழு நிரூபணமாக இதைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

இந்த முறையிலும் கோணல் உண்டு. ஒன்று, பெயரைக் கொசுவிரட்டியாகப் பயன்படுத்துவது. 'கவலை! கவலை!' என்று உள்ளுக்குள் அதட்டுகிற தொனி வந்தால், கவனிப்பது போய் விரட்டுவது வந்துவிட்டது என்று பொருள். விரட்டிய நினைப்பு திரும்பி வரும். இன்னொன்று, பெயர் நீண்டு விமர்சனமாவது: 'இது என் அப்பாவிடமிருந்து வந்த பயம், சின்ன வயதில்...' இது பெயர் வைத்த மாதிரி தெரியும், ஆனால் யோசனைதான். 'ஏன்' என்ற சொல் உள்ளே வந்துவிட்டாலே கவனம் கைமாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் நான்கு பெயருக்கு மேல் வேண்டாம்: கவலை, திட்டம், நினைவு, இறுக்கம். எதிலும் சேராததற்குப் பொதுவாக 'நினைப்பு'. சரியான பெயரைத் தேடி நேரம் போக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், ஒரே கவலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் இரண்டு மூன்று நிமிடம் எண்ணிவிட்டு, மீதி நேரம் பெயர் வைக்கலாம். எண்ணுவது உட்கார வைக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது.

உடலை அங்கம் அங்கமாகக் கவனிப்பதும் பிரபலம். ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் முதலில் வருவது இதுதான்: படுத்துக்கொண்டு, இடது கால் விரலில் தொடங்கித் தலை வரை, முக்கால் மணி நேரம். வேலைக் கவலை, பணக் கவலை உள்ளவர்களுக்கு மாலையில் நல்லது, தூங்கிப்போனாலும் மோசமில்லை. ஆனால் கவலையே உடம்பைப் பற்றியதாக இருந்தால் நான் இதைச் சொல்ல மாட்டேன். நெஞ்சுப் பகுதிக்கு வரும்போது ஒரு சின்னத் துடிப்பு தெரியும், அப்புறம் மீதி நேரம் முழுக்க இதயத்தைப் பற்றியே ஓடும்.

உட்காரவே முடியாதவர்களுக்கு நடை. மொட்டை மாடியிலோ கூடத்திலோ பத்துப் பதினைந்து அடி நீளம் போதும். வழக்கத்தைவிட மெதுவாக நடந்து, ஒவ்வொரு அடிக்கும் 'தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன்' என்று குறிக்க வேண்டும். முனையில் நின்று, 'திரும்புகிறேன்.' மகாசி மரபில் நடப்பதும் உட்காருவதும் மாறி மாறி வரும். படபடப்பு அதிகமான நாளில் பத்து நிமிடம் நடந்துவிட்டு உட்கார்ந்தால் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இவற்றுக்கெல்லாம் போட்டியாக, தியானமே அல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: கவலைக்கு நேரம் ஒதுக்குவது. போர்கோவெக் குழுவினர் 1983இல் சோதித்த முறை. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. பகலில் கவலை வந்தால் அந்த நேரத்துக்கு ஒத்திவைத்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். நேரம் வந்ததும் உட்கார்ந்து முழுதாகக் கவலைப்படலாம், தீர்வு யோசிக்கலாம். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம். நம் ஆளுக்கு இது தியானத்தைவிட நேரடியாக உதவும், ஏனென்றால் தவணைக்கு ஒரு வழி உண்மையிலேயே பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கியில் போய்ப் பேசுவதா, செலவில் எதைக் குறைப்பது என்பதெல்லாம் கண்ணை மூடினால் தீராது. மாலை 6 மணிக்கு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் தீரலாம். அது இருக்கிறது என்று தெரிந்தால் காலையில் 'கவலை' என்று குறித்துவிட்டுத் திரும்புவதும் சுலபமாகிறது. ஆகவே போட்டி என்று சொன்னாலும் நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

பத்து நாள் விபாசனா முகாமுக்கு நேரே போய்விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா வழியில் நடக்கும் இந்த முகாம்களில் கட்டணம் இல்லை, சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் மையம் இருக்கிறது. ஆனால் நாளுக்குப் பத்து மணி நேரம் அளவுக்குப் பயிற்சி, பேச்சு கிடையாது. வீட்டில் பத்து நிமிடமே தத்தளிப்பவருக்கு அதை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பார்கள். மறைக்காமல் எழுத வேண்டும்.

உட்காரும்போதெல்லாம் நெஞ்சு அடைப்பது போல வந்தாலோ, பழைய பயங்கரம் ஏதாவது கண்முன் ஓடினாலோ, கண்ணைத் திறந்து எழுந்துவிட வேண்டும். சகித்துக்கொண்டு இருப்பதில் பயன் இல்லை. கவலையால் வாரக்கணக்கில் தூக்கமோ வேலையோ கெட்டால் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.