மக்காச்சோளமா, தக்காளியா? ஒரு ஹெக்டேரின் கணக்கு

பண்ணை வரவுசெலவுக் கணக்கில் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எந்தச் செலவு எதைப் பொறுத்து மாறுகிறது என்பதில். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மக்காச்சோளம் போடுவதா, தக்காளி போடுவதா என்று எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

| | மக்காச்சோளம் | தக்காளி |
|---|---|---|
| எதிர்பார்க்கும் விளைச்சல் | 6 டன் | 40 டன் |
| ஒரு டன் விலை | 200 | 100 |
| வரவு | 1,200 | 4,000 |
| விதை அல்லது நாற்று, உரம், மருந்து, வேலையாள் கூலி | 480 | 1,600 |
| அறுவடைச் செலவு | 120 | 1,400 |
| கிராஸ் மார்ஜின் | 600 | 1,000 |

வரவிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது கிராஸ் மார்ஜின். அது லாபம் அல்ல. குத்தகை, டிராக்டரின் தேய்மானம், நிரந்தரப் பணியாளரின் சம்பளம் என்று 400 நிலைச் செலவு இன்னும் வெளியே நிற்கிறது. எது நிலைச் செலவு என்று சந்தேகம் வந்தால், இந்தப் பருவம் நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் அந்தப் பணம் போகுமா என்று கேட்டுப் பாருங்கள். டிராக்டரின் தேய்மானம் போகும். அதற்கு ஊற்றும் டீசல் போகாது. ஒரே வண்டி, இரண்டு வகைச் செலவு.

எந்தப் பயிரைப் போட்டாலும் அந்த 400 அப்படியே இருப்பதால், பயிரைத் தேர்ந்தெடுக்க அது தேவையில்லை. 1,000-ஐயும் 600-ஐயும் ஒப்பிட்டாலே தக்காளி முன்னால் நிற்கிறது. ஆனால் தக்காளிக்கென்று புதிதாகச் சொட்டுநீர்க் குழாய் போட வேண்டுமானால், அதன் தேய்மானம் தக்காளியின் கணக்கில் மட்டும் ஏறும். அப்போது கிராஸ் மார்ஜினை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

சரி, கட்டுப்படியாக எத்தனை டன் விளைய வேண்டும்? இந்த பிரேக் ஈவன் விளைச்சலைப் பலரும் மொத்தச் செலவை விலையால் வகுத்துக் கண்டுபிடிக்கிறார்கள். மக்காச்சோளத்துக்கு 1,000-ஐ 200-ஆல் வகுத்தால் 5 டன். தக்காளிக்கு 3,400-ஐ 100-ஆல் வகுத்தால் 34 டன். எதிர்பார்த்த விளைச்சலோடு வைத்துப் பார்த்தால் முறையே 83%, 85%. தக்காளிதான் சற்று ஆபத்தானது என்று தோன்றும்.

இதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தக்காளிக்கான 1,400 அறுவடைச் செலவு 40 டன்னையும் பறித்து, பெட்டியில் அடுக்கி, ஏற்றி அனுப்பினால்தான் வரும். 30 டன் மட்டும் விளைந்தால் 30 டன்னுக்குத்தானே கூலி? உரமும் நாற்றும் நிலத்தின் பரப்பைப் பொறுத்தவை. பறிப்புக் கூலியும் பெட்டியும் விளைச்சலைப் பொறுத்தவை. இரண்டையும் மாறும் செலவு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. டன்னுக்கு ஆகும் அறுவடைச் செலவை முதலில் விலையில் கழித்துவிட்டு, மற்ற செலவுகளை அந்த மீதியால் வகுக்க வேண்டும்.

தக்காளியில் டன்னுக்கு அறுவடைச் செலவு 35, கையில் நிற்பது 65. பரப்புச் செலவு 1,600, நிலைச் செலவு 400; ஆக 2,000-ஐ 65-ஆல் வகுத்தால் 31 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. மக்காச்சோளத்தில் அறுவடைச் செலவு டன்னுக்கு 20 மட்டுமே. 880-ஐ 180-ஆல் வகுத்தால் 4.9 டன். இப்போது எதிர்பார்த்த விளைச்சலில் தக்காளி 77%, மக்காச்சோளம் 81%. வரிசையே புரண்டுவிட்டது. விளைச்சல் குறைவதைத் தாங்குவதில் தக்காளிக்குத்தான் இடம் அதிகம்.

ஆனால் விலை இறங்கினால் கதை வேறு. தக்காளி விலை பாதியாகி 50-க்கு வந்தால் டன்னுக்கு 15-தான் மிஞ்சும். பிரேக் ஈவன் விளைச்சல் 133 டன்னுக்கு ஓடிவிடும். அந்த ஹெக்டேரில் அது நடக்காத காரியம். அப்படியென்றால் பழத்தைப் பறிக்காமல் விட்டுவிடலாமா? கூடாது. பறித்தால் டன்னுக்கு 15 வீதம் 600 கிடைத்து நட்டம் 1,400-ல் நிற்கும். விட்டால் முழு 2,000-மும் போகும். நாற்றுக்கும் உரத்துக்கும் கொடுத்த பணம் அறுவடை நாளில் திரும்ப வராது. அன்றைக்கு எடைபோட வேண்டியது பறிப்புச் செலவை மட்டும்தான்.

விலை 35-க்கும் கீழே போனால்தான் முடிவு மாறும். 30-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பறிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் கைக்காசு 5 போகும், 40 டன்னையும் பறித்தால் நட்டம் 2,200. தக்காளி வயல்கள் பழத்தோடு அப்படியே உழப்படுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். மக்காச்சோளத்தில் அந்த நிலை வர விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும். அதோடு, காய்ந்த தானியத்தைச் சேமித்துவைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பழுத்த தக்காளியை அப்படி வைத்திருக்க முடியாது.