கல்லடியில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால்: பெரியம்மா செய்யக்கூடியது, ஆள் செய்யவேண்டியது

லண்டனில் இருந்து ஊருக்குப் போனால் கோயில், கடற்கரை, சொந்தக்காரர் என்று நாட்கள் போய்விடும். இந்த முறை அதில் பாதி வயரிங் வேலைக்காரருக்குப் போனது. பெரியம்மா தனிய இருக்கிறா, எழுபது தாண்டிவிட்டா, மாரி மழை தொடங்கினால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து எந்த வயர் மூட்டையும் தின்றுவிடும், அதனால் இது அவவின் வீட்டுக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை.

நான் வருவதற்கு முதல் ஒருவர் வந்து "சரிபண்ணி"யிருக்கிறார். "முந்தி விழுந்துகொண்டே கிடந்ததே மனே, இப்ப ஒரு கரைச்சலும் இல்ல" என்று பெரியம்மா சந்தோஷமாகச் சொன்னா. எனக்குச் சந்தேகம். ட்ரிப் சுவிட்சில் T என்று போட்ட சின்னப் பொத்தான் இருக்கும், கரண்ட் இருக்கும்போது அதை அழுத்தினால் நெம்பு கீழே விழுந்து வீடு முழுக்க இருண்டுவிட வேண்டும். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர் பழுதைத் தேடாமல், வயர்களை ட்ரிப் சுவிட்சைத் தொடாமல் நேரே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார். கரண்ட் கசிவு அப்படியே இருக்கிறது, காவல்தான் போய்விட்டது. நெம்பு விழுந்தும் லைட் எரிந்தாலும் இதே கதைதான், எங்கோ ஒரு குறுக்கு வயர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது பெரியம்மாவின் வேலை. விழவில்லை என்றால் உடனே ஆள்.

வீடுகளில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் வழமையாக 30 மில்லி அம்பியர் அளவு கரண்ட் வேறு வழியாக, அதாவது ஈரச் சுவராலோ ஆளாலோ, நிலத்துக்குப் போனால் விழுவதற்கென்று செய்தது. பக்கத்தில் உள்ள சின்ன சுவிட்சுகள் வேறு, அவை ஓவர்லோட், ஷோர்ட் ஆகியவற்றுக்கு. சின்னது மட்டும் விழுந்தால் அந்த லைனில் சாமான் கூட ஓடுகிறது, ஒன்றிரண்டை நிறுத்தித் திரும்ப ஏற்றலாம். திரும்பவும் விழுந்தால் விட்டுவிட வேண்டும்.

வீடு முழுக்க இருண்டால் முதலில் ஜன்னலால் பார்க்கச் சொன்னேன். அயல் வீடும் இருட்டென்றால் மின்சார சபைக்கு 1987 அடித்தால் போதும். நம் வீடு மட்டும் இருண்டு, பெரியது, அதாவது ட்ரிப் சுவிட்ச், விழுந்திருந்தால் செருப்புப் போட்டு, கை காயவைத்து, டோர்ச் அடித்துக்கொண்டு முதலில் பிளக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், கிணற்று மோட்டர் பிளக்கையும் சேர்த்து. பிறகு சின்ன சுவிட்ச் எல்லாம் கீழே, பெரியதை மேலே, அப்புறம் சின்னதை ஒவ்வொன்றாக ஏற்றுவது. எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு, அதை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்றதைப் பாவிக்கலாம். எல்லாம் ஏறி நின்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்கலாம். ஆனால் சின்னது எல்லாம் கீழே இருக்கும்போதே பெரியது விழுந்தால் நியூட்ரல் வயரில் பழுது இருக்கலாம், ஏனென்றால் சின்ன சுவிட்ச் பொதுவாக ஒரு வயரைத்தான் வெட்டும். அங்கே நிறுத்த வேண்டும்.

இரண்டாவதாக ஆரையம்பதியில் இருந்து வந்தவர் கையில் மெகர் வைத்திருந்தார், இன்சுலேஷன் பார்க்கிற மீட்டர். அது வைத்திருக்கிறாரா என்று போனிலேயே கேளுங்கள், நல்ல வயரிங்காரரை இனங்காண அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. மெயினை இறக்கி, மோட்டர் வயருக்கும் எர்த்துக்கும் இடையில் பார்த்தார். ஒரு மெகோமுக்கு மேல் காட்ட வேண்டியது கிட்டத்தட்ட பூச்சியம். கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் டேப் சுற்றிய ஒரு மூட்டுக்குள் மழைத் தண்ணீர். மூட்டே இல்லாமல் ஒரே நீள வயர் இழுத்து, ட்ரிப் சுவிட்சைத் திரும்பப் பூட்டி, பெரியம்மாவையே T-ஐ அழுத்தவைத்துத்தான் காசு வாங்கினார்.

மோட்டரில் வேறு இரண்டு சங்கதி உண்டு. ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு மேல் மூடியைக் கழற்றி வாளித் தண்ணீர் ஊற்றி நிரப்பலாம், அது அவவால் முடியும். அடுத்த நாளும் அதே என்றால் அடியில் இருக்கும் ஃபுட் வால்வ் கசிகிறது, அதற்காகக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. சத்தம் மட்டும் வந்து சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும், கப்பாசிட்டர் போயிருக்கலாம், அது பிளக் கழற்றிய பின்னும் அடிக்கும்.

பல்ப் மாற்றுவதையும் ஆளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அதில் பயம் கரண்டுக்கு இல்லை, ஸ்டூலுக்கு. அயல்வீட்டுப் பொடியன் பள்ளி விட்டு வரும்போது மாற்றிக் கொடுப்பான், அதுவரை ஹோலில் இருக்கிற லைட் போதும் என்று அவவும் ஒத்துக்கொண்டா, கொஞ்சம் முறைத்துவிட்டு.