பருத்திமாரைக் கரியாக்க டிரம்மா, குழியா?

பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுத்து முடிந்ததும் மாரைப் பிடுங்கி வரப்போரம் கொளுத்திவிடுகிறார்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டன் தேறும். அதைப் பயோசார், அதாவது மண்ணில் இடும் கரி, ஆக்க இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன.

முதலாவது 200 லிட்டர் டிரம். அடியில் துளை போட்டு, நறுக்கிய காய்ந்த மாரை அடைத்து, மேலே தீ வைக்க வேண்டும். வெள்ளைப் புகை அடங்கி மெல்லிய நீலமாக மாறியதும் மூடியைப் போட்டு, அடித்துளையையும் மூடியின் விளிம்பையும் சேற்றால் பூசிவிட வேண்டும். நன்றாக ஆறும் முன் திறந்தால் காற்றுப் பட்டுக் கரி மறுபடி கனன்று சாம்பலாகிவிடும். தண்ணீர் வேண்டியதில்லை என்பது நல்ல வசதி. ஆனால் ஒரு தடவைக்கு 20 கிலோ மாரை அடைப்பதே பெரிய பாடு. ஒரு டன்னுக்கு ஐம்பது தடவை!

இரண்டாவது கூம்புக் குழி. வாய் ஐந்தடி, ஆழம் மூன்றடி. நறுக்கவே வேண்டாம். அடியில் தீ மூட்டி, மேல் மாரில் சாம்பல் வெளுக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே எரியும் சுவாலையே கீழே காற்றுப் போகாமல் தடுக்கிறது, புகையையும் எரித்துவிடுகிறது. தாமதித்தால் சாம்பல், ஒரேயடியாகக் கொட்டினால் புகை. குழி நிரம்பியதும் இருபது குடம் தண்ணீராவது ஊற்றி அணைக்க வேண்டும். மூன்று நான்கு தடவையில் ஒரு டன்னும் முடிந்துவிடும். தண்ணீர் கிடைக்கும் இடத்தில் நான் குழியைத்தான் சொல்வேன்.

எதில் செய்தாலும் கரியைக் கையில் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் போக வேண்டும். பிசுபிசுத்தால் தார் இருக்கிறது, சரியாக வேகவில்லை.

சரி, மண்ணுக்கு என்ன கிடைக்கும்? பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்து 2017-இல் வந்த ஆய்வில், வெப்பமண்டலத்தில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது; மிதவெப்ப நாடுகளில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெரிய காரணம், புளிப்பும் சத்துக்குறைவும் உள்ள மண்ணில் கரி சுண்ணாம்பு போல வேலை செய்ததுதான். நீலகிரித் தேயிலை மண்ணுக்கு அது பொருந்தும். பெரம்பலூர்க் கரிசல் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. அங்கே அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. ஈரம் பிடிப்பதும் மணல் மண்ணில்தான் தெளிவாகத் தெரிகிறது, களியில் அல்ல. கார்பன் மண்ணில் நெடுங்காலம் தங்கும் என்பது மட்டும் எங்கும் உறுதி.

அளவையும் பாருங்கள். சோதனைகளில் பெரும்பாலும் ஹெக்டேருக்கு 10 டன் அளவில் போடுகிறார்கள், அதாவது ஏக்கருக்கு 4 டன். ஒரு ஏக்கர் மார் தருவது 250 கிலோ கரி. அதை வயல் முழுக்கத் தூவினால் கண்ணுக்கே தெரியாது. வெறும் கரி முதலில் தழைச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடும். அதனால் தொழு உரத்தில் கலந்து சில வாரம் ஊறவிட்டு, விதைக்கும் வரிசையில் மட்டும் இடலாம். பக்கத்து வரிசைக்கு அதே அளவு உரத்தைக் கரியில்லாமல் போட்டு, இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். இல்லாவிட்டால் எரு தந்த விளைச்சலைக் கரியின் கணக்கில் எழுதிவிடுவோம்.