பொங்கல் வாழ்த்து: படங்களை அடுக்குவதா, ஒரு வரியும் ஒரு படமும் போதுமா?

காங்கயத்தில் எங்கள் மாட்டுத்தீவனக் கடை வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் பட்டிப் பொங்கல் வாழ்த்து அனுப்ப, இரண்டு விதமாக எழுதிப் பார்த்தோம்.

🎋🎋🍯🐄🌾 இனிய பொங்கல் நல்வாழ்த்துகள் 🎉🎉🙏🙏

பட்டி பெருக, பால்பானை பொங்க! உங்க பட்டிக்கும் வீட்டுக்கும் எங்க வாழ்த்துங்க 🐂

இரண்டாவதைத்தான் அனுப்பினோம். முதலாவது பார்த்ததுமே பண்டிகை என்று சொல்லிவிடும், நிறமாகவும் இருக்கும். ஆனால் படங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எல்லோரும் அனுப்பும் அதே மூன்று வார்த்தைகள்.

முடிவெடுக்க வைத்தது வேறொன்று: அந்தப் படங்கள் நம்ம பொங்கலைத்தான் காட்டுகின்றனவா? கரும்பு என்று நினைத்துப் போடும் 🎋, ஜப்பானியர் தனபாட்டா விழாவுக்கு வேண்டுதல் எழுதிய சீட்டுகளைக் கட்டித் தொங்கவிடும் மூங்கில். உற்றுப் பார்த்தால் வண்ணச் சீட்டுகள் தெரியும். பானைக்குப் போடும் 🍯, தேன் ஜாடி. எமோஜி ஜப்பானியக் கைபேசிகளில் வளர்ந்தது என்பதால் அவர்கள் விழாக்கள் முதலில் இடம்பிடித்தன. நம் அகல்விளக்கு 🪔 கூட 2019-இல்தான் வந்தது. கரும்புக்கும் பொங்கல் பானைக்கும் தனிப்படமே கிடையாது.

மாட்டில் இது இன்னும் உறுத்தும். பெரும்பாலான போன்களில் 🐄 கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு சீமை மாடாகத்தான் வரும். சாம்பல் வெள்ளையில் திமிலோடு நிற்கும் காங்கயம் மாட்டை வளர்க்கிறவருக்கு, மாட்டுப் பொங்கலன்று அதை அனுப்பினால், கை போன போக்கில் தட்டியது என்று உடனே தெரிந்துவிடும். 🐂 பழுப்பாக இருந்தாலும் கொம்பு வைத்த எருது. இருப்பதில் அதுதான் கிட்ட வருகிறது. அதனால் ஒன்றே ஒன்று, அதுவும் வரி முடிந்த பிறகு.

🎉 பற்றியும் யோசித்தோம். எங்கள் பட்டியலில் அந்த வருடம் துக்கம் நடந்து, பண்டிகை கொண்டாடாத வீடுகளும் உண்டு. பட்டி பெருகட்டும் என்ற வாழ்த்தை அவர்களும் ஏற்பார்கள், வண்ணத்தாள் வெடிப்பதை அவர்களுக்கு எப்படி அனுப்புவது?

பார்வையில்லாதவர்களின் போன் ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் வாசிக்கும். வாழ்த்துக்கு முன்னால் ஐந்து படம் இருந்தால், அந்த ஐந்தையும் கேட்டு முடித்துத்தான் வாழ்த்துக்கு வர வேண்டும்.

சொந்தக்காரர்களுக்குள் கணக்கு வேறு. தமிழில் தட்டச்சு வராத அம்மிச்சி அனுப்பும் ஒற்றை 🙏-இல் எத்தனையோ பிரியம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதற்கு ❤️ அனுப்பினால் போதும், அங்கே வாக்கியம் தேவையில்லை. யார் அனுப்பியது என்பதே பாதி வாழ்த்து. கடை அனுப்பும்போது அந்த உறவு வார்த்தையில்தான் தெரிய வேண்டும். நான் சொல்வது வாட்ஸ்அப் பழக்கத்தை வைத்துத்தான், இன்ஸ்டாகிராமில் இளவட்டங்களுக்கு இது வேறு மாதிரி படலாம்.

தீபாவளி நோம்பிக்கு 🪔 சரியாகவே பொருந்தும். பழைய போனில் அது வெறும் கட்டமாகத் தெரியும் என்பதால், "விளக்கு" என்ற சொல்லுக்குப் பதிலாக அதைப் போடாமல் வரியின் கடைசியில் வையுங்கள்.