சி.எல். போடுவதா, இ.எல். போடுவதா? வகுப்பை யார் பார்ப்பது?

போன நவம்பரில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவைச் சிகிச்சை. செவ்வாய் சேர்க்கை, புதன் சிகிச்சை, வெள்ளி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று மருத்துவர் சொன்னார். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். ஆக உடன் இருக்க வேண்டியவள் நான்தான். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், பத்தாம் வகுப்பு என் பொறுப்பு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. விடுப்புக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் எதைப் போடுவது என்ற குழப்பம் வந்தது. ஓய்வறையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

எம்.எல். யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் விடுப்பு நமக்கு உடம்பு சரியில்லாதபோது எடுப்பது. அம்மாவின் சிகிச்சைக்கு அதைப் போட வேண்டுமானால் எனக்கே ஒரு நோயை எழுதி வாங்க வேண்டும், திரும்ப வரும்போது தகுதிச் சான்றும் வேண்டும். அப்புறம் மருத்துவமனை வாசலில் யாராவது பெற்றோர் பார்த்து, "டீச்சருக்கு என்னாச்சு?" என்று பள்ளியில் வந்து விசாரிப்பார். வேண்டாம்.

மீதி இரண்டு. சி.எல். என்கிற தற்செயல் விடுப்பு எங்களுக்கு ஆண்டுக்கு 12 நாள். என் கணக்கில் 6 பாக்கி இருந்தது. இ.எல். என்கிற ஈட்டிய விடுப்பைச் சேமித்து வைத்தால் ஓய்வுபெறும்போது 240 நாள் வரை காசாகும். அதனால் இ.எல்.லைத் தொட யாருக்கும் மனசு வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் நான் சி.எல். பக்கம் சாய்ந்ததற்குக் காசு மட்டும் காரணமில்லை. அறுவைச் சிகிச்சைத் தேதி நம் கையில் இல்லை. சி.எல். என்றால் ஒரு நாள் போட்டுவிட்டு மறுநாள் சிகிச்சை இல்லை என்றால் நேராகப் பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிடலாம். இ.எல்.லில் நடுவே விழும் சனி ஞாயிறும் விடுப்பாகவே கழியும், முன்கூட்டியே பணிக்கு வந்தால் அதற்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், பணிப்பதிவேட்டிலும் ஏறும். இது எனக்குப் பெரிய வித்தியாசமாகப் பட்டது, பின்னால் அதுவே நடந்தது.

சரி, எந்த விடுப்பு என்பது அரைமணி நேரத்தில் முடிவாகிவிடும். வகுப்பை என்ன செய்வது என்பதில்தான் எனக்கு நாலு நாள் போனது.

வழக்கமான வழி எல்லோருக்கும் தெரியும். கடிதத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். காலையில் தலைமையாசிரியர் சப்ஸ்டிட்யூட் நோட்டைத் திறந்து, யாருக்கு எந்தப் பாடவேளை ஓய்வோ அவர் பெயரை எதிரே எழுதி அனுப்புவார். தமிழாசிரியர் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில் போய் உட்காருவார். பிள்ளைகள் அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு ஓய்வு போச்சு, எனக்குப் பாடம் போச்சு. இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பாவின் கண் சிகிச்சைக்கு மூன்று நாள் இப்படித்தான் போனேன். திரும்பி வந்தபோது கரும்பலகையின் மூலையில் நான் போன வெள்ளிக்கிழமை எழுதிய கணக்கு அழியாமல் அப்படியே இருந்தது. பாடம் அங்கேயே நின்றிருந்தது. ஈடுகட்டச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தேன், பேருந்து இல்லாத ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் வரவில்லை.

இன்னொரு வழி பாடவேளையை மாற்றிக்கொள்வது. என் கணக்குப் பாடவேளையில் சமூக அறிவியல் டீச்சர் போய் அவர் பாடத்தையே நடத்துவார். நான் வந்தபின் அவருடைய பாடவேளை ஒன்றை நான் எடுத்துக்கொள்வேன். பிள்ளைகளுக்கு எந்தப் பாடமும் குறையாது, வரிசை மட்டும் மாறும். ஒரே நிபந்தனை, மாற்றிக்கொள்பவரும் அதே வகுப்புக்குப் பாடம் எடுப்பவராக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவருக்கு ஓய்வு இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் நேரத்தில் எனக்கும் ஓய்வு இருக்க வேண்டும். கேட்கச் சின்னதாக இருக்கும், கால அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் தெரியும்.

எனக்கு வாரம் 40 பாடவேளையில் 28 வகுப்பு, 12 ஓய்வு. செவ்வாய் முதல் வெள்ளி வரை போனால் 22 பாடவேளை போகும். அதில் பத்தாம் வகுப்பு 6, ஒன்பது 'அ' 5, ஒன்பது 'ஆ' 6, எட்டு 5. ஒரு கிராஃப் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே யாருக்கு ஓய்வு என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பின் 6 பாடவேளையும் மாற்றுக்குப் பொருந்தின. ஒன்பதாம் வகுப்புகளில் 5 பொருந்தின. மொத்தம் 11. மற்ற 11-க்கு என்ன செய்தாலும் ஆள் பொருந்தவில்லை, அவை நோட்டுக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன். 22-ஐயும் மாற்ற முடிந்தாலும் மாற்றக் கூடாது. திரும்பி வந்ததும் 22 கூடுதல் வகுப்பு எடுக்க 12 ஓய்வுப் பாடவேளைதானே இருக்கிறது? முதலில் எதைக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி. அப்போது பத்தாம் வகுப்பில் முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றக்கோணத்தையும் இறக்கக்கோணத்தையும் படம் வரைந்து காட்டாமல் தாளில் கொடுத்துவிட்டுப் போக முடியாது. எட்டாம் வகுப்புக்குப் பயிற்சிக் கணக்கு போதும்.

நோட்டுக்குப் போகும் பாடவேளைகளுக்கு ஆளுக்கொரு தாள் அடித்துவைத்தேன். ஒரு பக்கம் 8 கணக்கு. விடை மட்டும் தனித்தாளில், உள்ளே போகும் ஆசிரியர் கையில். அவர் கணக்கு வாத்தியாராக இல்லாவிட்டாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் விடையைப் படித்துச் சரிபார்க்கச் சொல்லலாம். புதுப் பாடம் எதையும் தாளில் வைக்கவில்லை.

அப்புறம் கடிதம். இதுதான் எழுதியது, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

"பொருள்: தற்செயல் விடுப்பு – 12.11 முதல் 15.11 வரை 4 நாள்கள் – தாயாரின் அறுவைச் சிகிச்சை – வேண்டுதல் சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, என் தாயாருக்குப் புதன்கிழமை பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடைபெற உள்ளது. உடனிருந்து கவனிக்க வேறு எவரும் இல்லை. ஆகவே மேற்கண்ட 4 நாள்களுக்குத் தற்செயல் விடுப்பு வழங்க வேண்டுகிறேன். எனது 22 பாடவேளைகளில் 11 சக ஆசிரியர்களுடன் மாற்றிக்கொள்ளப்பட்டுள்ளன. அவர்களின் கையொப்பத்துடன் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. மீதி 11 பாடவேளைகளுக்கான பயிற்சித் தாள்கள் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. சிகிச்சைத் தேதி மாறினால் அன்றே தெரிவித்து மறுநாள் பணிக்கு வருவேன்."

மருத்துவர் எழுதிய சேர்க்கைச் சீட்டின் நகலையும் வைத்தேன். நோயின் முழுக் கதையை எழுதத் தேவையில்லை. யாருக்கு, என்றைக்கு, ஏன் நான், இவ்வளவு போதும். செயலியில் விண்ணப்பித்தாலும் எங்கள் தலைமையாசிரியர் தாளில் ஒன்று கேட்பார். பட்டியலைத்தான் முதலில் பார்த்தார். "கையெழுத்து எல்லாம் வாங்கிட்டீங்களாம்மா?" என்று ஒரே கேள்வி. கையெழுத்து இல்லாத பட்டியல் வெறும் ஆசைதான். வாய்ச்சொல்லாகச் சரி என்றவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் மறந்திருப்பார்கள், அப்போது அந்தப் பாடவேளையும் நோட்டுக்கு வந்துவிடும்.

நடந்தது என்ன? செவ்வாய் சேர்த்ததும் ரத்தம் எடுத்தார்கள், அம்மாவுக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. மயக்க மருந்து மருத்துவர் இப்போது முடியாது என்றுவிட்டார். மாத்திரையைக் கூட்டி அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். புதன் காலை நான் பள்ளியில். சி.எல். ஒரே ஒரு நாள்தான் போனது. இ.எல். எழுதியிருந்தால் மாற்றி எழுதுவதே ஒரு வேலையாக இருந்திருக்கும்.

பாடவேளை மாற்று தப்பியதற்கு என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அடுத்த சிகிச்சையும் புதன்கிழமையே விழுந்தது. கிழமை அதுவானதால் பட்டியலும் அதுவே, தேதியை மட்டும் அடித்துத் திருத்தினேன். சேர்க்கை ஒரு வியாழனுக்குத் தள்ளிப்போயிருந்தால் அந்தக் கிராஃப் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அப்படியும் ஒன்று பிசகியது. ஆங்கில டீச்சருக்கு வியாழன் அன்று திடீரென்று பயிற்சி வந்து, அந்தப் பாடவேளை நோட்டுக்குப் போனது. முதல் செவ்வாயில் நடந்த 3, இரண்டாம் வாரம் 10, ஆக 13 பாடவேளை என் கடன். ஒரே வாரத்தில் தீர்க்க 12 ஓய்வு போதாது. 7-ம் 6-ம் ஆக இரண்டு வாரத்தில் பிரித்தேன். அந்த இரண்டு வாரமும் விடைத்தாள் திருத்தமெல்லாம் வீட்டில் இரவில்தான். இந்த முறையின் விலை இது. ஆனால் அரையாண்டுக்கு முன் முக்கோணவியல் முடிந்தது, சனிக்கிழமை வகுப்பு தேவைப்படவில்லை.

இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். முன்னரே தேதி சொல்லும் சிகிச்சைக்குத்தான் இது. திடீர் நெஞ்சுவலி என்றால் யார் கிராஃப் தாள் எடுப்பார்கள்? போனில் சொல்லிவிட்டு ஓட வேண்டியதுதான், அதற்குத்தான் நோட்டு இருக்கிறது. மூட்டு மாற்று மாதிரி இரண்டு மூன்று வாரம் உடனிருக்க வேண்டியதற்கு இ.எல்.தான் சரி என்று நினைக்கிறேன். சி.எல்.லையும் இ.எல்.லையும் சேர்த்துப் போட முடியாது என்பதால் அதை முதல் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நான் அப்படி நீண்ட விடுப்பு எடுத்ததில்லை, அதனால் அங்கே பாடவேளை மாற்று எவ்வளவு தாங்கும் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரக் கடனை அடைக்கவே இந்தப் பாடு என்றால் மூன்று வாரத்தை யோசித்துப் பாருங்கள். ஐந்து பேர் மட்டுமே இருக்கும் சின்னப் பள்ளியிலும் இது கஷ்டம், ஓய்வுப் பாடவேளைகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

13-ல் 12 கொடுத்துவிட்டேன். கடைசி ஒன்றைச் சமூக அறிவியல் டீச்சர் வாங்கிக்கொள்ளவில்லை. தை மாதம் தங்கை மகளுக்குக் கல்யாணமாம், "அப்ப கேக்கிறேன், கிராஃப் தாளோட வா" என்று வைத்திருக்கிறார்.