முறிந்த நிச்சயம்: ஊர்ப் பேச்சா, லோக் அதாலத்தா?

என் தங்கை மகளின் நிச்சயத்தை மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொண்டபோது, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்றார்கள். வக்கீலோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, வழக்குக்கு முன்பே லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கச் சொன்னார். காவல் நிலையத்தை நாங்கள் யோசிக்கவில்லை. கொடுக்கல் வாங்கல் கணக்கைத் தீர்ப்பது அவர்கள் வேலையல்ல.

பெரியவர்களின் பேச்சில் ஒரு நன்மை உண்டு. எது திரும்பும், எது திரும்பாது என்று அவர்களுக்குத் தெரியும். பட்டுச்சேலையையும் நிச்சய விருந்துச் செலவையும் யாரும் கேட்கவில்லை. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் 50,000 ரூபாய். அந்தத் தேதிக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் மண்டபக்காரர் 30,000 திருப்பித் தந்தார். ஆகவே மீதி 20,000 மட்டும்தான் எங்கள் கணக்கு. ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவின் போக்கும் ஏறக்குறைய இதுதான்: உண்மையில் பட்ட நட்டத்துக்குத்தான் ஈடு.

சிக்கல் சங்கிலியில் வந்தது. மாப்பிள்ளைக்கு நாங்கள் போட்ட மூன்று பவுன், அதாவது 24 கிராம் சங்கிலி, அடகில் இருந்தது. "அண்ணாச்சி, மூன்று மாதத்தில் மீட்டுத் தந்துவிடுகிறோம்" என்றார் அவருடைய சித்தப்பா. அவர்கள் பெண்ணுக்குப் போட்ட மோதிரத்தை எடை போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே கொடுத்துவிட்டோம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தக் கெடுதான். எல்லாம் ஒரே நாளில் கைமாறினால் பெரியவர்கள் முன் எழுதும் தாளே போதும். கெடு வைத்தால் போதாது. அது தவறினால் அந்தத் தாள் வெறும் சாட்சி; அதை வைத்துப் புதிதாக வழக்குப் போட வேண்டும். லோக் அதாலத் தீர்வோ உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது, கட்டணமும் இல்லை. கெடு தவறினால் நேரே நிறைவேற்று மனுப் போடலாம்.

ஆகவே பெரியவர்கள் பேசிய கணக்கையே அங்கே கொண்டுபோய் எழுத வைத்தோம். ரூபாயில் எழுதவில்லை, '916 தங்கம், கல் நீக்கி 24 கிராம், சங்கிலி வராவிட்டால் கொடுக்கும் நாளின் விலையில் அந்த எடைக்கான தொகை' என்று எழுதினோம். ரூபாயில் எழுதியிருந்தால் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் விலை ஏற ஏற நாங்கள்தான் இழந்திருப்போம். செய்கூலி, சேதாரத்தை நாங்களே விட்டுக்கொடுத்தோம். வாங்கிய கடையின் ரசீது கையில் இருந்ததால் எடையில் தகராறு எழவில்லை.

இதற்கு ஒரு வரம்பு உண்டு: எதிர்த்தரப்பு வந்து ஒத்துக்கொண்டால்தான் லோக் அதாலத் முடிக்கும். வரவே மாட்டேன் என்பவர்களிடம் உரிமையியல் வழக்குத்தான். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அந்த அனுபவம் எனக்கில்லை. வரதட்சணையாக ரொக்கம் கைமாறியிருந்தாலும் என் கணக்கு பொருந்தாது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்பதால், மனு எழுதும் முன்பே வக்கீலைப் பாருங்கள்.