மார்ச் விற்பனையாகக் காட்டச் சொன்னால்: பணிவது, விலகுவது, எழுத்தில் மறுப்பது

ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாள்களில், ஏப்ரலில் லாரி ஏறப்போகும் சரக்கை மார்ச் விற்பனையாகக் காட்டச் சொல்லும் மேலாளரைக் கணக்குப் பிரிவில் பலர் சந்தித்திருப்பார்கள். அப்போது ஊழியர் சொன்னபடி பதிவிடலாம், வேலையை விட்டு விலகலாம், அல்லது வேலையில் இருந்துகொண்டே எழுத்தில் மறுக்கலாம். இதே நெருக்கடி எனக்கு வந்தபோது நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே என் சாய்வும் அதன் பக்கமே.

பணிவதற்கும் ஒரு நியாயம் உண்டு. எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் கடன் கொடுப்பது என்பது போன்றவை மேலாளரின் முடிவுக்கு உரியவை. அவற்றில் நமக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் சொன்னபடி செய்வதே கடமை. ஆனால் சரக்கு எந்தத் தேதியில் வெளியேறியது என்பது முடிவன்று, நடந்த செய்தி. வாங்குபவரே பில்லை ஏற்றுக்கொண்டு, சரக்கைச் சில நாள் உங்களிடமே வைத்திருக்கக் கேட்டிருந்தால் அது முறையான விற்பனையாகலாம். அப்படிப்பட்ட கடிதம் இல்லாதபோது, பதிவுக்குக் கீழே உண்மையான விளக்கக் குறிப்பை உங்களால் எழுத முடியாது. எழுத முடியாத இடத்தில் கீழ்ப்படியும் கடமையும் முடிந்துவிடுகிறது. ஏனெனில் அந்தக் கணக்கை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கிக்கும், லாபப் பங்கு எதிர்பார்க்கும் பங்குதாரருக்கும் கணக்கர் பொறுப்புடையவர்.

முடிவைத் தீர்மானிக்கும் காரணம் என்று நான் கருதுவது வேறொன்று: பொய்ப் பதிவு ஒருமுறையோடு நிற்பதில்லை, அதைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். 40 லட்ச ரூபாய் விற்பனையை மார்ச்சுக்கு இழுத்தால் அடுத்த ஆண்டு 40 லட்சம் குறைவோடுதான் தொடங்கும். அந்தக் குறையை மறைக்க அடுத்த மார்ச்சிலும் அதே அளவு இழுக்க வேண்டும். வளர்ச்சியும் காட்ட வேண்டுமானால் அதைவிடக் கூடுதலாக இழுக்க வேண்டும். இதற்கிடையே பில் தேதிக்கும், சரக்கை லாரியில் அனுப்ப எடுக்கும் இ-வே பில் தேதிக்கும், வாயில் காவலரின் பதிவேட்டுக்கும் உள்ள இடைவெளி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கோப்பில் கிடக்கும்.

அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம். கணக்குப் பிரிவின் இடைநிலை அதிகாரியான பெட்டி வின்சன் 2000ஆம் ஆண்டு அக்டோபரில், மேலிடம் சொன்னபடி செலவில் 82.8 கோடி டாலரைக் குறைத்துப் பதிவிட்டார். மனம் ஒப்பாமல் விலகல் கடிதம் எழுதியும், நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன் தேற்றியதால் கொடுக்காமல் இருந்துவிட்டார். அடுத்தடுத்த காலாண்டுகளிலும் பதிவுகள் தொடர்ந்தன. 2005இல் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் ஐந்து மாத வீட்டுக் காவலும் விதிக்கப்பட்டன. மேலிடத்து உத்தரவு என்பது அவரைத் தண்டனையிலிருந்து காக்கவில்லை. அதே நிறுவனத்தின் உள் தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பர், உள்ளே இருந்தபடியே பதிவுகளைத் தோண்டித் தணிக்கைக் குழுவிடம் கொண்டு சென்றார். 2002 ஜூனில் மோசடி வெளிவந்தது.

விலகுவதைப் பற்றி நான் அழுத்திப் பேச முடியாது, ஏனெனில் நான் விலகியதில்லை. அது தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வழி. ஆனால் அந்தப் பதிவு உங்களைவிட இளைய ஒருவரின் மேசைக்குப் போகும் என்பதே என்னைத் தடுத்தது.

எழுத்தில் மறுக்கும்போது குற்றச்சாட்டு வேண்டியதில்லை. நான் அனுப்பிய மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருந்தது: “இந்த மூன்று பில்களுக்கான சரக்கு இன்னும் கிடங்கில் இருப்பதால் இவற்றை ஏப்ரலில் பதிவிடுகிறேன். மார்ச்சில் பதிவிட வேண்டுமானால் சரக்கு வெளியேறியதற்கான சான்றை இணைத்து எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.” வாயால் சொன்னதை எழுத்தில் திரும்பச் சொல்ல மேலாளர் முன்வரவில்லை, பதிவும் நடக்கவில்லை. ஆனால் அதன் பிறகு முக்கியமான கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மேலாளர் எழுத்திலும் வற்புறுத்தினால் அடுத்த படி நிறுவனத்தைப் பொறுத்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை, பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுபவை, வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவை ஆகிய நிறுவனங்களில் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி புகார் சொல்லும் ஏற்பாடு இருந்தாக வேண்டும். தக்க சூழலில் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகலாம். முதலாளியே மேலாளராகவும் இருக்கும் சிறு நிறுவனத்தில் இந்தக் கதவு இருக்காது. அங்கே ஆண்டுத் தணிக்கைக்கு வரும் ஆடிட்டர் கேட்கும்போது கிடங்கு இருப்பை உள்ளபடி சொல்வதே மிஞ்சும் வழி. வீட்டுக் கடன் தவணையோடு அங்கே பணிபுரிபவர், வேறு வேலை கையில் கிடைக்கும்வரை இதற்கு மேல் போகாமல் இருப்பதை நான் குறைசொல்ல மாட்டேன்.